சமையல் மேடைக்கு மேல் கபோர்டு: எந்த உயரத்தில், எவ்வளவு ஆழத்தில்?

"சமையலறையில் மேல் கபோர்டு போடப் போகிறோம். மேடை தரையிலிருந்து 33 அங்குலம், அகலம் 2 அடி. 7 அடி உயரத்தில் பரண் இருக்கிறது. நான் 5 அடி உயரம், தினமும் சமைப்பது நான்தான். கணவர் 5 அடி 9 அங்குலம், காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் அவர். மேடையிலிருந்து 18 அங்குலம் விட்டு, 15 அங்குல ஆழத்தில் போடலாம் என்கிறார் கார்பெண்டர். எனக்கு எட்டுமா, தலையில் இடிக்குமா என்று பயமாக இருக்கிறது. என்ன அளவு சரி?"

ஆழத்தை 12 அங்குலமாகக் குறைக்கச் சொல்லுங்கள். இடைவெளியை 20 அங்குலமாகக் கூட்டச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் கபோர்டின் அடிப்பாகம் தரையிலிருந்து 53 அங்குலத்தில் வரும். உங்கள் வீட்டுக்கு நான் சொல்லக்கூடிய அளவு இதுதான். ஏன் என்று தெரிந்துகொண்டால் கார்பெண்டரிடம் பேசுவது எளிதாக இருக்கும்; ஓர் அங்குலம் முன்பின் மாற்ற வேண்டி வந்தாலும் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தே மாற்றலாம்.

முதலில் அந்த 18 அங்குலம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் சமையல் மேடையின் வழக்கமான உயரம் 36 அங்குலம். அதற்கு மேல் 18 அங்குலம் விட்டுக் கபோர்டு மாட்டுவார்கள். அடிப்பாகம் தரையிலிருந்து 54 அங்குலத்தில் இருக்கும், ஆழம் 12 அங்குலம். இந்த மூன்று அளவும் ஒன்றை ஒன்று சார்ந்தவை. நம் ஊருக்கு வரும்போது 18 மட்டும் தனியாக வந்துவிட்டது. 33 அங்குல மேடைமேல் அதே 18 அங்குலத்தை விட்டால் அடிப்பாகம் 51-க்கு இறங்கிவிடும். ஆழம் வேறு 15 ஆகிவிட்டால், அந்த அளவுகளுக்குள் இருந்த பொருத்தம் முழுவதும் போய்விடுகிறது. அதனால் கார்பெண்டரிடம் பேசும்போது "மேடையிலிருந்து எவ்வளவு" என்று மட்டும் பேசாமல், "தரையிலிருந்து அடிப்பாகம் எவ்வளவு" என்றும் கேளுங்கள். கைக்கு எட்டுவதும் கண்ணுக்குத் தெரிவதும் தரையிலிருந்து எடுக்கும் அந்த அளவைப் பொறுத்தவைதான்.

இனி எட்டுவது பற்றி. 5 அடி உயரமுள்ள ஒருவர் வெறும் சுவருக்கு அருகில் நின்று கையை நேராக மேலே தூக்கினால், ஒரு டப்பாவைப் பிடிக்கிற உயரம் ஏறத்தாழ 6 அடி வரும். இதை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். கபோர்டு இருப்பது வெறும் சுவரில் இல்லை. நமக்கும் சுவருக்கும் நடுவில் 2 அடி மேடை இருக்கிறது. வயிறு மேடை விளிம்பில் முட்டியதும் நாம் நின்றுவிடுகிறோம். தோள்பட்டை விளிம்புக்கு இன்னும் நாலு அங்குலம் பின்னால் இருக்கிறது. கை அங்கிருந்து மேலே மட்டும் போவதில்லை, முன்னாலும் போக வேண்டும். கவராயத்தின் காலைப் போல அது ஒரு வட்டத்தில்தான் நகரும். முன்னால் எவ்வளவு நீள்கிறதோ அதற்கேற்ப உயரம் குறையும்.

உங்கள் அளவில் இதைப் போட்டுப் பார்க்கிறேன். தோள் தரையிலிருந்து சுமார் 49 அங்குலம். தோளிலிருந்து பிடிக்கும் கை வரை சுமார் 24 அங்குலம். 12 அங்குல ஆழக் கபோர்டின் முகப்பு மேடை விளிம்பிலிருந்து 12 அங்குலம் உள்ளே இருக்கும். தோளிலிருந்து பார்த்தால் 16 அங்குலம். 24 அங்குலக் கை 16 அங்குலம் முன்னால் நீண்டால் மேலே போக மிஞ்சுவது 18 அங்குலம்தான். ஆக, குதிகால் தூக்காமல், முன்னால் சாயாமல், கபோர்டின் முகப்பில் உங்களுக்கு எட்டும் உயரம் 67 அங்குலம். 6 அடி என்று நினைத்ததில் 5 அங்குலம் போய்விட்டது. சற்று முன்னால் சாய்ந்தால் 70, 71 வரை எட்டும்.

இது முகப்பில். கபோர்டின் பின்சுவர் வரை கை போக வேண்டுமானால் சாயாமல் முடியவே முடியாது, ஏனென்றால் அந்தத் தூரம் கையின் நீளத்தைவிட அதிகம். நன்றாகச் சாய்ந்து நின்றால் பின்சுவரில் 61 அங்குலம் வரை எட்டலாம். இதிலிருந்து தட்டுகளை எங்கே வைக்கலாம் என்பது தானாகவே கிடைக்கிறது. அடிப்பாகம் 53 என்றால் முதல் தட்டு 54-இல் அமையும். முன்னும் பின்னும் உங்களுக்கு எட்டுகிற ஒரே தட்டு இதுதான். உப்பு, புளி, பருப்பு, மசாலா டப்பாக்கள் எல்லாம் இங்கே இருக்கட்டும். இரண்டாவது தட்டை 66-இல் வையுங்கள். அதன் முன்வரிசை எட்டும், பின்வரிசை எட்டாது. அதனால் அங்கே பொருளை அப்படியே அடுக்காமல், கைப்பிடி உள்ள நீளமான பிளாஸ்டிக் ட்ரேயில் வைத்தால் முன்னால் இழுத்து எடுக்கலாம். மூன்றாவது தட்டு 76-க்கு மேல் போகும். அது ஸ்டூல் போட்டு ஏறுகிற இடம். பொங்கல் பானை, விருந்தினருக்கான தட்டு போல ஆண்டில் சில தடவை எடுப்பவற்றை மட்டும் வையுங்கள்.

எட்டுவது என்றால் விரல் நுனி படுவது இல்லை. இரண்டு கிலோ துவரம்பருப்பு நிறைந்த எவர்சில்வர் டப்பாவை, கையை முழுக்க நீட்டிய நிலையில் ஒற்றைக் கையால் இறக்குவது கடினம். பல்லி போலச் சுவரில் ஒட்டிக்கொண்டு விரலால் நகர்த்தி நகர்த்தி இறக்கும்போதுதான் டப்பா நழுவி அடுப்பில் விழுகிறது. கனமான டப்பாவை கீழ் டிராயருக்கு அனுப்பிவிடுங்கள். மேல் கபோர்டில் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள எதையும் தினசரி உபயோகத்துக்கு வைக்காதீர்கள்.

இப்போது ஆழம். 15 அங்குலம் போட்டால் முகப்பு உங்களுக்கு இன்னும் மூன்று அங்குலம் அருகில் வருகிறது, அதனால் முன்வரிசை கொஞ்சம் எளிதாகவே எட்டும். கார்பெண்டர் இதைச் சொன்னால் அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த மூன்று அங்குலம் உங்கள் நெற்றிக்கும் அருகில் வருகிறது. மேடையில் நின்று காய் நறுக்குபவர் நேராக நிற்பதில்லை. பலகையைப் பார்க்கத் தலை குனிகிறது, முகம் விளிம்பைத் தாண்டி ஆறிலிருந்து எட்டு அங்குலம் உள்ளே போகிறது. 15 அங்குலக் கபோர்டின் முகப்பு விளிம்பிலிருந்து 9 அங்குலத்தில் இருக்கும். ஷட்டரின் கனம் முக்கால் அங்குலம், அதில் கைப்பிடி ஓர் அங்குலத்துக்கு மேல் என்றால் மிச்சம் ஏழுதான். மூக்குக்கும் கைப்பிடிக்கும் இடையில் ஒன்றும் இருக்காது. 12 அங்குல ஆழத்தில் அதே கணக்கு பத்து அங்குலம் விடுகிறது. குனிந்து வேலை செய்ய அது போதும்.

உங்கள் கணவருக்கு இது இன்னும் முக்கியம். அவர் கண் இருக்கும் உயரம் சுமார் 64 அங்குலம், கபோர்டுக்கு நேர் எதிரே. அவர் மேடையைப் பார்ப்பது கபோர்டின் கீழ் விளிம்புக்கு அடியில் நுழைந்து போகிற சாய்வான பார்வையில். கார்பெண்டர் சொல்கிற 51 அங்குலம், 15 அங்குல ஆழம் என்ற அளவில் அந்தப் பார்வை மேடை சுவரைத் தொடும் மூலையிலேயே நின்றுவிடும். சுவரில் இருக்கும் டைல்ஸ், சுவிட்ச் போர்டு எதுவும் தெரியாது. குனிந்து தலையைத் தாழ்த்தித்தான் பிளக் செருக வேண்டியிருக்கும். அடிப்பாகம் 53, ஆழம் 12 என்றால் மேடைக்கு மேல் சுவரில் சுமார் 9 அங்குலம் வரை அவருக்குத் தெரியும். சுவிட்ச் போர்டு இன்னும் வைக்கவில்லை என்றால் அதை மேடையிலிருந்து 9 அங்குலத்துக்குள் அடங்குமாறு வைக்கச் சொல்லுங்கள். ஒயரிங் முடிந்துவிட்டால் மாற்றுவதற்கு டைல்ஸை உடைக்க வேண்டும்.

அப்படியானால் இன்னும் உயர்த்தி 24 அங்குல இடைவெளி விடலாமே என்று கணவர் கேட்கலாம். விட்டால் முதல் தட்டே 58-க்குப் போகும், இரண்டாவது 70-க்கு. உங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும், அதிலும் பின்வரிசைக்கு இன்னும் அதிகமாகச் சாய வேண்டும். தினமும் பலமுறை திறப்பவர் நீங்கள் என்பதால் உங்கள் கையை முதலில் பார்த்து, அவர் கண்ணுக்கு முடிந்த அளவு இடம் விட்டு 53 என்கிறேன். 52-க்குக் கீழே இறங்க வேண்டாம், 54-க்கு மேலே போக வேண்டாம்.

20 அங்குல இடைவெளிக்கு இன்னொரு காரணம் மிக்ஸி. பெரிய ஜாரை மூடியோடு மாட்டிவிட்டு உங்கள் மிக்ஸியின் உயரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். ஒன்றரை அடியை நெருங்கும் மிக்ஸிகள் உண்டு. 18 அங்குல இடைவெளியில் அது உள்ளே போய்விடும், ஆனால் அங்கிருந்தபடி ஜாரைத் தூக்க முடியாது. ஒவ்வொரு முறையும் முன்னால் இழுக்க வேண்டும். டேபிள் டாப் கிரைண்டர் இருந்தால் அதைக் கபோர்டுக்கு அடியில் வைக்கவே வேண்டாம். கல்லைத் தூக்கி எடுக்கவும் மாவை வழிக்கவும் இரண்டு கையும் மேலிருந்து வர வேண்டும். அதற்கு மேடையின் ஒரு மூலையைக் கபோர்டு இல்லாமல் விட்டுவிடுங்கள்.

சிம்னி வைக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. வைப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பர்னரிலிருந்து சிம்னி 26 முதல் 30 அங்குலம் மேலே இருக்க வேண்டும். அடுப்பு மேடைமேல் உட்காருவதால் பர்னர் இன்னும் நாலைந்து அங்குலம் உயரத்தில் இருக்கும். ஆக சிம்னியின் கீழ் விளிம்பு உங்கள் வீட்டில் தரையிலிருந்து குறைந்தது 63 அங்குலத்தில் வரும். பார்வைக்கு ஒரே கோடாக இருக்க வேண்டும் என்று பக்கத்துக் கபோர்டுகளின் அடியையும் அதே உயரத்துக்குத் தூக்கிவிடுவார்கள். என் அம்மா வீட்டில் நானே அப்படித்தான் செய்தேன். புகைப்படத்தில் மிக அழகாக இருந்தது. முதல் தட்டே அம்மாவுக்கு எட்டவில்லை. அடுத்த ஆறு மாதம் மஞ்சள் தூள் எடுக்கக்கூட அவர் முக்காலியில் ஏறினார், மூட்டுவலிக்காரர். பிறகு மொத்தத்தையும் கழற்றி, சுவரில் புது ஓட்டை போட்டு, பத்து அங்குலம் கீழே இறக்கினோம். டைல்ஸில் விழுந்த பழைய ஓட்டைகள் இன்றும் கபோர்டுக்குப் பின்னால் இருக்கின்றன. அந்தக் கோடு நேராக இல்லாவிட்டால் பரவாயில்லை. சிம்னி மேலே இருக்கட்டும், கபோர்டு கீழே இருக்கட்டும்.

சிம்னி இல்லாவிட்டாலும் அடுப்புக்கு நேர் மேலே மரக் கபோர்டு வேண்டாம். குக்கர் விசில் அடிக்கும்போது ஆவி நேராக மேலே போய் அடிப்பலகையில் மோதும். பார்ட்டிகிள் போர்டு என்றால் ஓரிரு ஆண்டில் உப்பிப் பிளந்துவிடும். அடுப்புக்கு இரு பக்கத்துக் கபோர்டின் அடிப்பலகையும் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டாக இருக்க வேண்டும், ஐ.எஸ். 710 என்று முத்திரை உள்ள மரைன் பிளை கேளுங்கள். ஐ.எஸ். 303 முத்திரையில் எம்.ஆர். என்று போட்டிருந்தால் அது ஈரப்பதத்தை மட்டும் தாங்குவது, ஆவியைத் தாங்காது.

சிங்க் விஷயம் வேறு. பாத்திரம் கழுவுபவர் காய் நறுக்குபவரைவிட அதிகமாகக் குனிகிறார், ஏனென்றால் தொட்டியின் அடி மேடையைவிடக் கீழே இருக்கிறது. அங்கே நிற்பது உங்கள் உயரமான கணவர். அந்த இடத்துக்கு மேல் கபோர்டே வேண்டாம், ஜன்னல் இருந்தால் நல்லது. கட்டாயம் ஏதாவது வேண்டும் என்றால் 8, 9 அங்குல ஆழத்தில் தட்டு செருகும் எவர்சில்வர் ரேக் போதும். தண்ணீர் சொட்டித் தொட்டியிலேயே விழும்.

ஷட்டரின் அகலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் நெற்றியில் உண்மையில் இடிப்பது பெரும்பாலும் திறந்து கிடக்கிற ஷட்டர்தான். 12 அங்குல ஆழக் கபோர்டில் 18 அங்குல அகல ஷட்டரை முழுக்கத் திறந்தால் அதன் முனை சுவரிலிருந்து 30 அங்குலத்துக்கு வரும். மேடை 24 அங்குலம்தானே. ஆறு அங்குலம் வெளியே, நாம் நிற்கிற இடத்தில், முகத்துக்கு நேராக அந்தக் கூர்மையான முனை நிற்கும். 3 அடி அகலக் கபோர்டுக்கு இரண்டு ஷட்டர் போடுவதே வழக்கம், அதனால்தான் இந்த 18 அங்குலம் எங்கும் இருக்கிறது. அதே 3 அடியை மூன்றாகப் பிரித்து 12 அங்குல ஷட்டராகப் போட்டால் முனை மேடை விளிம்போடு நின்றுவிடும். கீலுக்கும் கைப்பிடிக்கும் கொஞ்சம் செலவு கூடும், செய்யுங்கள். மேல்நோக்கித் தூக்கித் திறக்கும் ஷட்டரைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது தலையில் இடிக்காது. ஆனால் முழுக்கத் திறந்ததும் கைப்பிடி கபோர்டின் உச்சிக்குப் போய்விடும். 5 அடி உயரமுள்ளவர் அதை எட்டிப் பிடித்து மூட முடியாது. உங்களுக்கு அது வேண்டாம்.

12 அங்குலத்தில் தட்டு அடங்குமா என்பது நியாயமான கேள்வி. பெட்டியின் வெளி அளவு 12 என்றால் பின்பலகை போக உள்ளே 11 அங்குலத்துக்குச் சற்று அதிகம் கிடைக்கும். சாதாரணச் சாப்பாட்டுத் தட்டு படுத்த வாக்கில் அடங்கும். பெரிய எவர்சில்வர் தட்டும் தாம்பாளமும் அடங்காது, ஷட்டர் மூடாது. உங்களிடம் உள்ளவற்றில் பெரியதை அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு தட்டுக்காக எல்லாக் கபோர்டையும் ஆழமாக்க வேண்டியதில்லை. அவற்றைக் கீழ் டிராயரில் செங்குத்தாக நிறுத்தலாம். எப்படியும் 13 அல்லது 14 வேண்டும் என்று முடிவு செய்தால் அடிப்பாகத்தை 54-க்கு உயர்த்துங்கள். ஆழம் கூடும்போது உயரமும் கூட வேண்டும், இல்லையென்றால் கணவருக்கு மேடையின் பின்பகுதி மறைந்துவிடும்.

வெளிச்சமும் இதோடு சேர்ந்தது. கூரையில் இருக்கும் டியூப்லைட் நமக்குப் பின்னால் இருக்கிறது. நம் நிழல், கபோர்டின் நிழல் இரண்டும் நறுக்கும் பலகைமேல்தான் விழும். கபோர்டின் அடியில் எல்.இ.டி. பட்டை ஒட்டும்போது முன் விளிம்பை ஒட்டி ஒட்டச் சொல்லுங்கள். சுவர்ப்பக்கம் ஒட்டினால் டைல்ஸ்தான் பளபளக்கும், பலகை இருட்டாகவே இருக்கும். கண்ணில் கூசாமல் இருக்க முன்னால் ஓர் அங்குலப் பட்டி இறங்கியிருந்தால் போதும்.

கார்பெண்டர் பலகை அறுப்பதற்கு முன் ஒரு மாலை ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். 12 அங்குல ஆழமுள்ள அட்டைப் பெட்டி ஒன்றை, அடிப்பாகம் தரையிலிருந்து 53-இல் வருமாறு யாராவது சுவரில் அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் மேடையில் பலகை வைத்து ஒரு வெங்காயம் நறுக்குங்கள். பிறகு பெட்டிக்குள் ஒரு டப்பாவை வைத்து எடுங்கள். அடுத்து கணவர் அதே இடத்தில் நிற்கட்டும். அதே பெட்டியை மூன்று அங்குலம் முன்னால் தள்ளி, இரண்டு அங்குலம் இறக்கி மறுபடி நறுக்கிப் பார்த்தால் வித்தியாசம் இருவருக்கும் உடனே தெரிந்துவிடும். வீட்டில் செருப்புப் போட்டு நிற்கும் பழக்கம் இருந்தால் அதோடே நில்லுங்கள்.

தரையில் டைல்ஸ் போட்டாகிவிட்டதா என்று பாருங்கள். கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரையை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தும். சிமெண்டுத் தரையிலிருந்து 53 என்று சுவரில் கோடு போட்டு, பிறகு டைல்ஸ் பதித்தால் கபோர்டு 50, 51-க்கு வந்துவிடும். மேடையிலும் அப்படித்தான், கிரானைட்டின் மேல்பரப்பிலிருந்து அளக்க வேண்டும். இரண்டும் முடியாமல் இருந்தால் கோடு போடுவதைத் தள்ளி வையுங்கள்.

ஒருவேளை கார்பெண்டர் ஏற்கெனவே 15 அங்குலத்துக்குப் பலகை அறுத்துவிட்டாரென்றால், நறுக்கும் இடத்துக்கு மேல் வருகிற பெட்டிகளை மட்டும் பின்பக்கம் மூன்று அங்குலம் அறுத்துக் குறைக்கச் சொல்லுங்கள். பின்பலகை மாட்டுவதற்கு முன் என்றால் அரை நாள் வேலை. ஃபிரிட்ஜ் பக்கம், மேடை முடிந்து யாரும் குனிந்து வேலை செய்யாத கோடியில் வருவது 15 ஆகவே இருக்கட்டும், தாம்பாளத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம்.